இரு மாதவிடாய்களுக்கு நடுவே தோன்றும் உதிரக்கசிவு

மாதவிடாய் முடிந்து ஒரு வாரமோ பத்து நாட்களோ சென்றபின், உள்ளாடையில் சிறு கறை ஒன்று தென்படுகிறது. இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கிறது. அன்று மாலையோ மறுநாளோ தானே மறைந்துவிடுகிறது. தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் எனப் பல பகுதிகளிலிருந்தும் எங்கள் மகளிர் நலப் பிரிவுக்கு வரும் பெண்களில் கணிசமானோர் இந்தக் கறையைப் பற்றிக் கேட்கவே வருகின்றனர். "மாதம் இரண்டு முறை தூரமாகிறது" என்று சிலர் சொல்வர். துணைக்கு வந்த தாயோ மாமியாரோ, "கர்ப்பப்பையில் ஏதும் கட்டி இருக்குமோ?" என்று தணிந்த குரலில் கேட்பதும் உண்டு. மருத்துவமனைப் பேச்சில் இதனை 'ஸ்பாட்டிங்' என்கிறோம். இக்கட்டுரையில் இடைக்கசிவு என்று குறிப்பிடுவோம்.

இடைக்கசிவின் காரணத்தைக் கண்டறிய ஸ்கேனைவிடவும் இரத்தப் பரிசோதனையைவிடவும் முதலில் உதவுவது நாட்காட்டியே. கறை எந்தத் தேதியில் தோன்றியது, அதற்கு முன்னும் பின்னும் மாதவிடாய் எந்தத் தேதிகளில் தொடங்கியது, அந்த நாட்களில் என்ன மாத்திரை உட்கொள்ளப்பட்டது ஆகிய மூன்றும் தெரிந்தால், பெரும்பாலான நேர்வுகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் தேதியை எண்ணும் முறையில்தான் பலரும் தவறுகின்றனர்.

முன்னிருந்து அன்று, பின்னிருந்து எண்ணுக

சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படுவது மாதவிடாயின் பதினான்காம் நாளில் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். மாதவிடாய்ச் சுழற்சி சரியாக 28 நாட்கள் உள்ளவர்களுக்கே இக்கணக்கு ஓரளவு பொருந்தும். சுழற்சியின் முற்பகுதி, அதாவது முட்டை முதிர்வதற்கான காலம், பெண்ணுக்குப் பெண் மாறுபடும். ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறுபடும். காய்ச்சல், இரவுப் பணி, உடல் எடையில் மாற்றம், தேர்வுக் கால உறக்கமின்மை ஆகியவையும் அதனை நீட்டக்கூடும். பிற்பகுதியோ அத்துணை மாறுவதில்லை. முட்டை வெளிப்பட்டபின், கரு உண்டாகாவிட்டால், பெரும்பாலும் 12 முதல் 16 நாட்களுக்குள் அடுத்த மாதவிடாய் தொடங்கிவிடும். ஆகவே முட்டை வெளிப்பட்ட நாளை அறிய, வந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், அடுத்து வரும் மாதவிடாய் தொடங்கிய தேதியிலிருந்து 14 நாட்கள் பின்னோக்கி எண்ண வேண்டும். கறை கண்ட அன்றே இதை எண்ண இயலாது. அடுத்த மாதவிடாய் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் இம்முறையின் ஒரே குறை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இது தனியொருவரின் கதை அன்று. எங்களிடம் வருவோர் பலரிடம் நாங்கள் காண்பவற்றைச் சேர்த்து அமைத்தது. 29 வயதுப் பெண், திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தைக்காகக் காத்திருக்கிறார், எந்த மாத்திரையும் உட்கொள்வதில்லை. ஜூன் 3 அன்று அவருக்கு மாதவிடாய் தொடங்கியது. ஐந்து நாட்கள் நீடித்தது. ஜூன் 18 மாலை இளஞ்சிவப்புக் கறை. மறுநாள் காலை பழுப்பாகச் சிறிது, அதன்பின் இல்லை. நாப்கின் தேவைப்படவில்லை. அன்று அடிவயிற்றின் வலப்பக்கத்தில் சில மணி நேரம் இழுத்துப் பிடிப்பது போன்ற வலியும் இருந்தது. 'பதினான்காம் நாள் கடந்துவிட்டதே, பதினாறாம் நாளில் ஏன் இரத்தம்?' என்பது அவருடைய அச்சம்.

அவரைக் குறிப்பேட்டில் தேதிகளை எழுதி வரச் சொன்னோம் என வைத்துக்கொள்வோம். அடுத்த மாதவிடாய் ஜூலை 3 அன்று தொடங்கியது. சுழற்சி 30 நாட்கள். ஜூலை 3இலிருந்து 14 நாட்கள் பின்னோக்கிச் சென்றால் ஜூன் 19. கறை கண்டது 18, 19 தேதிகளில். அடுத்த சுழற்சி சற்றுக் குறுகியது, ஜூலை 30 அன்றே மாதவிடாய் வந்துவிட்டது, 27 நாட்கள். பின்னோக்கி எண்ணினால் ஜூலை 16. அம்மாதம் கறை தோன்றியதும் அதே நாளில், ஒரு வேளை மட்டும். மூன்றாம் சுழற்சி 31 நாட்கள். அதில் கறையே இல்லை. முன்னோக்கி எண்ணும்போது பதினாறாம் நாள், பதினான்காம் நாள் எனத் தாறுமாறாகத் தெரிந்த ஒன்று, பின்னோக்கி எண்ணியதும் முட்டை வெளிப்படும் நாளின்மேல் அப்படியே பொருந்திவிடுகிறது. மூன்றாம் மாதம் அது தோன்றாததும் இயல்பே. இவ்வகைக் கசிவு ஒருவருக்கே சில மாதங்களில் வரும், சில மாதங்களில் வராது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒழுங்காக மாதவிடாய் காணும் நலமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேரிடமே இது காணப்பட்டது. எல்லாருக்கும் வருவதில்லை என்பதால்தான், வரும்போது அது நோயெனத் தோன்றுகிறது.

முட்டை வெளிப்படும்போது ஏன் கசிகிறது?

மாதவிடாய் முடிந்தபின் கருப்பையின் உட்சவ்வு மீண்டும் வளரத் தொடங்குகிறது. அதனை வளர்ப்பது சினைப்பையில் முதிரும் முட்டைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன். முட்டை வெளிப்படுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தை எட்டும். பின் சட்டெனக் குறையும். உட்சவ்வைத் தாங்கிப் பிடிக்கும் அடுத்த சுரப்பான புரொஜெஸ்டிரோன் அப்போதுதான் மெல்ல உயரத் தொடங்கியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளியில் உட்சவ்வின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய நாளங்களிலிருந்து சிறிது குருதி கசியலாம். புரொஜெஸ்டிரோன் உயர்ந்ததும் சவ்வு நிலைபெற்று, கசிவு நின்றுவிடும். எனவேதான் இது ஒரு நாளோ இரண்டு நாட்களோ நீடித்து, மருந்தின்றியே மறைகிறது.

இதனுடன் வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும். அந்நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் தெளிவாகவும், விரல்களுக்கிடையே இழுத்தால் நீளும்படியும் இருக்கும். கறை அந்தக் கோழையோடு கலந்து இளஞ்சிவப்பு இழையாகவும் காணப்படலாம். சிலருக்கு அடிவயிற்றின் ஒரு பக்கம் மட்டும் வலி தோன்றும். எந்தச் சினைப்பையில் முட்டை வெளிப்படுகிறதோ அந்தப் பக்கம் அது. வலப்பக்கம் வந்தால் குடல்வாலோ என்ற ஐயத்தில் இரவில் அவசரப் பிரிவுக்கு வருவோரும் உண்டு. அவ்வாறு வருவதில் பிழையில்லை. ஆனால் குடல்வால் அழற்சியின் வலி மணிக்கு மணி கூடும். வாந்தியும் காய்ச்சலும் பசியின்மையும் உடன் வரும். முட்டை வெளிப்படும் வலி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே தணிந்துவிடும்.

இந்தக் கசிவால் இரத்தசோகை வராது. சிந்தும் அளவு சில துளிகளே. இதற்கென இரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்வதை நாங்கள் விரும்புவதில்லை. மறுநாள் நிற்கவிருந்த ஒன்று மாத்திரையால் நின்றதாகத் தோன்றும். அடுத்த மாதமும் மாத்திரை தேவை என்ற எண்ணம் வேரூன்றிவிடும்.

கறையை மாதவிடாயாகக் கணக்கிட்டால்

தீங்கற்ற இந்தக் கசிவு, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் மட்டுமே இரண்டு இடங்களில் சிக்கலை உண்டாக்குகிறது. அவ்விரண்டையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

முதலாவது, குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியரிடம். துளி இரத்தம் கண்டாலும் 'தூரம்' என்று கருதி, மூன்று நாட்களோ ஐந்து நாட்களோ தனித்திருக்கும் வழக்கம் இன்னும் பல இல்லங்களில் உள்ளது. வழிபாடு, சமையலறை ஆகியவற்றில் எதைப் பின்பற்றுவது என்பது அவரவர் இல்லத்தின் முடிவு. அதில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் கணவனும் மனைவியும் அந்நாட்களில் சேராதிருந்தால், அம்மாதத்தில் கரு உண்டாக மிகவும் ஏற்ற நாட்களையே இழந்துவிடுகின்றனர். முட்டை வெளிப்பட்டபின் ஒரு நாளளவே அது உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாட்கள் வரை உயிர்வாழும். எனவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே கருத்தரிக்கும் காலம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது ஜூன் 14 முதல் 19 வரை. கறை கண்ட 18, 19 ஆகிய இரு நாட்களும் அதனுள்ளேயே அடங்குகின்றன. 'எல்லாப் பரிசோதனைகளும் சரியாக உள்ளன, ஆயினும் குழந்தை தங்கவில்லை' என்று வரும் இணையரிடம், இடையில் கறை காணுமா, கண்டால் என்ன செய்வீர்கள் என்று நாங்கள் கேட்பது இதனாலேயே. கேள்வி சங்கடமாக இருக்கலாம். விடை பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தக்கூடும்.

இரண்டாவது, கருவுற்றபின். கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டால், கடைசியாக இரத்தம் கண்ட நாளையே பலரும் சொல்வர். அதே எடுத்துக்காட்டில் அப்பெண் அந்தச் சுழற்சியிலேயே கருவுற்றிருந்தால், கணக்கு ஜூன் 3இலிருந்து தொடங்க வேண்டும். பிரசவத் தேதி மார்ச் 10 என வரும். கறை கண்ட ஜூன் 19ஐக் கூறினால் மார்ச் 26 என வரும். பதினாறு நாட்கள் வேறுபாடு. குழந்தையின் வளர்ச்சி போதுமா, நாள் கடந்துவிட்டதா, வலியைத் தூண்ட வேண்டுமா என்ற முடிவுகள் அனைத்தும் இத்தேதியைப் பற்றியே நிற்கின்றன. முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் செய்தால் பிழை வெளிப்பட்டுத் திருத்தப்படும். தாமதமாகப் பதிவு செய்வோருக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே குறிப்பேட்டில் மாதவிடாயை ஒரு குறியாலும் இடைக்கசிவை வேறொரு குறியாலும் எழுதுங்கள். முழு மாதவிடாய்க்கு வட்டமும் கறைக்கு ஒரு புள்ளியும் போதும்.

மாத்திரை உட்கொள்வோருக்கு

கருத்தடை மாத்திரை உட்கொள்பவருக்கு முட்டை வெளிப்படுவதே தடுக்கப்படுவதால், மேற்சொன்ன விளக்கம் அவருக்குப் பொருந்தாது. அவருடைய இடைக்கசிவுக்கு விடை மாத்திரை அட்டையிலேயே இருக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றுள் 21 மட்டுமே ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்பு மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் இரத்தம் வருவதே அதன் அமைப்பு. ஹார்மோன் மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் வந்தால் அது இடைக்கசிவு.

தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் இவ்வாறு கறை காண்பது மிகப் பொதுவானது. உடல் புதிய அளவுக்குப் பழகும்வரை உட்சவ்வு மெலிந்தும் நிலையற்றும் இருக்கும். இதற்காக மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கசிவு அதிகமாகும்; கருத்தரிக்கும் வாய்ப்பும் ஏற்படும். தினமும் ஒரே நேரத்தில் உட்கொண்டு வந்தால் பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

பல மாதங்களாகச் சிக்கலின்றி உட்கொண்டு வந்தவருக்குத் திடீரெனக் கறை தோன்றினால், முதலில் அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஊர்த் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றின்போது ஓரிரு மாத்திரைகள் விடுபட்டிருக்கும். இரண்டு மூன்று நாட்களில் கசிவு தோன்றும். ஒன்று மட்டும் விடுபட்டிருந்தால், நினைவு வந்தவுடன் அதனை உட்கொண்டு, அன்றைய மாத்திரையையும் உரிய நேரத்தில் உட்கொள்ள வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தால், கடைசியாக விடுபட்ட ஒன்றை உடனே உட்கொண்டு, எஞ்சியவற்றை வழக்கம்போல் தொடர வேண்டும்; அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். அட்டையில் 7க்கும் குறைவான ஹார்மோன் மாத்திரைகளே மீதமிருந்தால், அவற்றை முடித்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்குவது பாதுகாப்பானது. அட்டையின் முதல் வாரத்தில் விடுபட்டு, அந்நாட்களில் உறவும் நிகழ்ந்திருந்தால், தாமதியாமல் எங்களிடமோ அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

அந்தரா ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற கறை காண்பதும், நாளடைவில் மாதவிடாயே நின்றிருப்பதும் ஊசியின் இயல்பு. 'கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது' என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. காப்பர்-டி பொருத்திய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலும் இடையிடையே கறை தோன்றும்.

நம் ஊரில் தனியே சொல்ல வேண்டிய ஒன்று, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. சபரிமலைக்குச் செல்லும் கணவருக்கு மாலை அணிவிக்கும் நாள், கிருகப்பிரவேசம், வளைகாப்பு என ஏதேனும் ஒன்றுக்காக மருந்துக் கடையில் நேரடியாக வாங்கி உட்கொள்கின்றனர். நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் இரத்தம் வருவது அதன் இயல்பு. ஆனால் ஒரு வேளை தவறினாலும், சுழற்சியின் பிற்பகுதியில் தாமதமாகத் தொடங்கினாலும், விழா நாளன்றே கறை தோன்றிவிடும். பின்னர் ஓரிரு மாதங்கள் தேதி குழம்பி நிற்கும். இம்மாத்திரை உட்கொண்ட மாதத்தின் தேதிகளை எங்களிடம் கூறும்போது அதனையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையேல் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இது பொருந்தும். அதனை உட்கொண்ட சில நாட்களில் கறை காணலாம். அடுத்த மாதவிடாய் முந்தியோ பிந்தியோ வரலாம். அந்தக் கறையை மாதவிடாயாகக் கருதி, கரு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

காசநோய் மருந்தும் கருத்தடை மாத்திரையும்

1928இல் தொடங்கப்பட்ட சானடோரியத்தால் காசநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர் தாம்பரம். இன்றும் அச்சிகிச்சையில் உள்ளோர் பலர் இப்பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். எனவே இச்செய்தியை எங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

காசநோய்க்கான வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில், முதல் நாள் முதல் கடைசி நாள் வரை இடம்பெறும் மருந்து ரிஃபாம்பிசின். இது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட கல்லீரல், கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன்களை மிக விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். அட்டையில் ஒரு மாத்திரைகூட விடுபட்டிராது. ஆயினும் உடலில் தேவையான அளவு இராது. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்ததே இடைக்கசிவின் வழியாகத்தான்: ரிஃபாம்பிசினும் கருத்தடை மாத்திரையும் சேர்த்து உட்கொண்ட பெண்களுக்கு அடிக்கடி இடையில் இரத்தம் கண்டது, சிலர் கருவும் உற்றனர்.

ஆகவே ஒழுங்காக மாத்திரை உட்கொள்ளும் ஒருவருக்கு, காசநோய் மருந்து தொடங்கியபின் இடைக்கசிவு தோன்றினால், அந்தக் குருதியால் தீங்கில்லை. ஆனால் மாத்திரை காக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி. அப்போது நிறுத்த வேண்டியது காசநோய் மருந்தை அன்று. அதனை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மாற்ற வேண்டியது கருத்தடை முறையை. காப்பர்-டியையும் அந்தரா ஊசியையும் ரிஃபாம்பிசின் பாதிப்பதில்லை. ஏற்பாடு ஆகும்வரை ஆணுறை அவசியம். காசநோய் மருந்து முடிந்த பிறகும் கல்லீரலின் தூண்டல் அடங்க ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அதற்கு முன் மாத்திரைக்குத் திரும்ப வேண்டாம். நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்வோருக்குத் தடுப்புக்காக வாரம் ஒரு முறை, 12 வாரங்கள் தரப்படும் மருந்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ரிஃபாபென்டின் உள்ளது. அதற்கும் இக்கருத்துகள் அனைத்தும் பொருந்தும். மருந்து வழங்குபவர் பெரும்பாலும் நுரையீரல் பிரிவினர்; கருத்தடை மாத்திரை வழங்கியவர் வேறொருவர். ஒன்றைப் பற்றி மற்றவரிடம் சொல்ல வேண்டியவர் நோயாளியே என்றாகிவிடுகிறது. இரண்டு அட்டைகளையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள்.

இன்னொரு சிறு செய்தி. ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாற்றும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். உள்ளாடையில் படும் இந்நிறத்தை இரத்தமென எண்ணி அஞ்சுவோர் பலர். ஒரு தெளிவான குவளையில் சிறுநீரைப் பிடித்துப் பார்த்தால், முழுவதும் ஒரே சீராக ஆரஞ்சு நிறமாக இருக்கும். சிறுநீர் கழிக்காத நேரத்திலும் பஞ்சில் சிவப்போ பழுப்போ படிந்தால் அது உதிரக்கசிவு.

இக்கணக்குக்குள் அடங்காதவை

மேலே கூறியவை பொருந்தாத சில நிலைகள் உள்ளன. அவற்றில் மூன்று மாதக் குறிப்பேட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது கறை கண்டால், முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கருத்தடை செய்துகொண்டவராயினும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்தவராயினும் இது பொருந்தும். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கினாலும் சிறு கறைதான் முதலில் தோன்றும். அதனுடன் ஒரு பக்க வயிற்றுவலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். முட்டை வெளிப்படும் வலியும் ஒரு பக்கமே என்று முன்னர் கூறினோம். இவ்விரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய உதவுவது மாதவிடாய் தவறியதா என்பதும் கர்ப்பப் பரிசோதனையுமே.

உறவுக்குப் பின் இரத்தம் காண்பது நாட்காட்டியைச் சார்ந்தது அன்று. கருப்பை வாயைச் சார்ந்தது. பெரும்பாலும் அங்குள்ள மென்மையான திசு, தொற்று அல்லது சிறு சதை வளர்ச்சியே காரணமாக இருக்கும். ஆயினும் கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்கமும் இவ்வாறே வெளிப்படுவதால், ஒரு முறை கண்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. கறை இல்லாதவர்களும் செய்துகொள்ள வேண்டியது அது.

மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி கண்டாலும் அது இடைக்கசிவு ஆகாது. எங்களிடம் வரும் மூத்த பெண்கள் சிலர் "மறுபடியும் வந்துவிட்டது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்று மாதக் கணக்கில் சொல்லாமலேயே இருந்துவிடுகின்றனர். அவர்களுக்குக் கருப்பை உட்சவ்வைப் பரிசோதிப்பது கட்டாயம். நாற்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் இடைக்கசிவு, துர்நாற்றமோ காய்ச்சலோ சேர்ந்த கசிவு, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு, பின்னோக்கி எண்ணியும் எந்த ஒழுங்குக்குள்ளும் வராமல் மூன்று சுழற்சிகளுக்கு மேல் தொடரும் கறை ஆகியவையும் நேரில் காட்ட வேண்டியவை.

நீங்கள் வந்தால் நாங்கள் செய்வது இவ்வளவே: தேதிகளைக் கேட்போம், மருந்துகளைப் பார்ப்போம், தேவையெனில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வோம், திருமணமானவர்களுக்குக் கருப்பை வாயைச் சிறு கருவியால் பார்ப்போம். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் செவிலியர் ஒருவர் உடனிருப்பார். திருமணமாகாத பெண்களுக்கு அப்பரிசோதனையைப் பெரும்பாலும் தவிர்த்து, வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் செய்வோம். மேற்சொன்ன எடுத்துக்காட்டிலுள்ள பெண்ணைப் போலத் தேதிகள் தெளிவாகப் பொருந்தி, பரிசோதனையிலும் குறையில்லையெனில், ஸ்கேனும் ஹார்மோன் பரிசோதனைகளும் தேவைப்படுவதில்லை. கறை இருக்கும் நாளில் மருத்துவமனைக்கு வரலாமா என்று தொலைபேசியில் பலர் கேட்கின்றனர். வரலாம், எங்கிருந்து கசிகிறது என்பது அன்றுதான் நன்கு தெரியும்.